பாட்டி, பாடடி ஆன கதை

அக்காவின் தேயிலைப் பெட்டிக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான். அதை அச்சுக்குத் தயார் செய்ததும் நான்தான். ஈப்போவில் ஒரு அட்டைப்பெட்டி ஆலையில் படங்களையும் எழுத்துகளையும் அச்சுத்தகட்டுக்குத் தயார் செய்வது என் வேலை. ஆகவே இந்தக் கதையில் பழி போட வேறு ஆள் கிடையாது.

வாசகம் இதுதான்: 'எங்கள் பாட்டி கையால் பறித்தது.' பெட்டியின் மேல்மடிப்பைத் திறந்தவுடன் உள்ளே தெரிகிற மாதிரி, சின்ன எழுத்தில். 500 பெட்டிகள். லோரியில் கம்போங் ராஜாவுக்குப் போய் இறங்கிய அன்று மாலை அக்கா ஒரு படம் அனுப்பினாள். கீழே ஒரு வரியும் எழுதவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

எஙகள பாடடி கையால பறிததது.

புள்ளி ஒன்றுகூட இல்லை. பாட்டி, பாடடி ஆகியிருந்தாள். யாரோ ஒருத்தியைப் பாடச் சொல்லி அதட்டுகிற மாதிரி இருந்தது. 'கையால' மட்டும் பேச்சுவழக்கில் சரியாக விழுந்திருந்தது, அவ்வளவுதான் ஆறுதல்.

புள்ளி எங்கே போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிறுதொழில் செய்கிற நிறையப் பேர் இதே குழியில் விழுகிறார்கள். அட்டைப்பெட்டியில் நேரடியாக அச்சடிப்பது ரப்பர் முத்திரை குத்துவதற்குப் பக்கத்து வீட்டு வேலை. எழுத்துகள் மேடாக எழும்பி நிற்கிற மெத்தென்ற தகடு ஒன்று உருளையில் சுற்றியிருக்கும். அதில் தண்ணீர் மை தடவி, ஓடுகிற அட்டையில் அழுத்துவார்கள். அட்டையோ மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் அலை அலையாக மடித்த தாள். வெளியே வழவழப்பாகத் தெரிந்தாலும் உள்ளே மேடு பள்ளம். மேட்டில் அழுத்தம் கூடும், பள்ளத்தில் குறையும். அழுத்தம் கூடிய இடத்தில் மை பிதுங்கி எழுத்து தடிக்கிறது, ண, ழ மாதிரி எழுத்துகளின் உள்வளைவு அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் குறைந்த இடத்தில் எழுத்து வெளிறிப் போகிறது.

புள்ளியின் பாடு இதைவிட மோசம். அது எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. தகட்டைக் கழுவிச் செதுக்கும்போது, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய தனிமேடு அடித்தளம் இல்லாமல் உடைந்து போகும், அல்லது சாய்ந்துகொள்ளும். கணினித் திரையில் 9 பாயின்ட்டில் அழகாக இருந்த மெல்லிய எழுத்துருவில் புள்ளி அரை மில்லிமீட்டர்கூட வராது. ஆங்கில எழுத்தில் 'ஐ'யின் தலைப்புள்ளி போனாலும் வாசித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். சொல்லே வேறு சொல்லாகிவிடும்.

மெஷின் பார்க்கும் அண்ணன் தகட்டைக் கையில் வாங்கியபோதே சொன்னார், "தம்பி, இது பவுடர் டப்பா லேபிள் இல்ல, போர்டு. கொஞ்சம் பெருசா போடு." நான் கேட்கவில்லை. சின்ன எழுத்தாக இருந்தால்தான் ரகசியம் மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். 1999இல் லண்டனில் தொடங்கிய 'இன்னசென்ட்' என்ற பழச்சாறு நிறுவனம், தன் அட்டை டப்பாக்களின் அடிப்பாகத்தில் விளையாட்டாக ஏதாவது எழுதிவைக்கும். டப்பாவைத் தூக்கிக் கீழே பார்க்கிறவருக்கு மட்டும் கிடைக்கிற வரி அது. பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லாத இடத்தில் எழுதியிருப்பதுதான் அதன் கவர்ச்சி. விளம்பரம் என்றால் கண்ணுக்கு நேரே வந்து கத்தும். இது ஒளிந்திருந்து பேசியது. அதைப் பார்த்துப் பல நிறுவனங்களும் அட்டைப்பெட்டியின் உள்மடிப்பில், டீ-சர்ட் கழுத்துப்பட்டையில், உறையின் வாயில் எழுத ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி 'அன்போடு செய்தோம், உங்களுக்காகவே' என்று கொஞ்சத் தொடங்கின. ஆலையில் அந்த வரியை நானே வெவ்வேறு பத்துக் கடைகளுக்குத் தட்டச்சு செய்திருக்கிறேன். உள்ளே ஒருவருக்குச் சோப்பு, ஒருவருக்குக் கைபேசி உறை.

நம்மிடமும் இது புதிதில்லை. தமிழ்நாட்டு ஜவுளிக்கடை மஞ்சள் பையில் 'நன்றி, மீண்டும் வருக' இருக்கும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் மணமக்கள் பெயர் இருக்கும். கடிதத்தின் தலையில் 'உ' போடுவோம். நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோம். பிரித்தவுடன், ஒரு சொல்லும் வாசிப்பதற்கு முன்னாலேயே, இது பயப்பட வேண்டிய காகிதம் இல்லை என்று தெரிந்துவிடும். அட்டைப்பெட்டி மடிப்பில் எழுதுகிற வரி செய்யப் பார்ப்பதும் அதே வேலையைத்தான்.

சனிக்கிழமை சிம்பாங் பூலாய் சாலையில் மலையேறினேன். வீட்டுக்குள் நுழைந்தால் முன்னறையில் 500 பெட்டிகளும் தட்டையாகக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. கீழே மரப்பலகை. மலைக் குளிரில் சிமென்ட் தரையில் அட்டையை வைத்தால் ஈரம் குடித்துத் துவண்டுவிடும், அக்காவுக்கு அது தெரியும். பாட்டி ஒரு கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பு மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் யோசனை அது. புதிதாக அச்சடிக்கக் காசில்லை. அவள் தொழில் பெரிதில்லை. தேயிலையை மொத்தமாக வாங்கி, 250 கிராம் பாக்கெட்டாகப் போட்டு, இணையத்தில் விற்கிறாள். ஒரு பெட்டிக்கு நாலு பாக்கெட். 500 பெட்டி என்பது அவளுக்கு அரை வருஷச் சரக்கு. "ஒரு பெட்டிக்கு அஞ்சு புள்ளி, பாட்டி. மெதுவா வைங்க" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

பாட்டி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள். முதலில் எண்ணி எண்ணிப் புள்ளி வைத்தவள், பத்துப் பன்னிரண்டு பெட்டி போன பிறகு வாசிக்க ஆரம்பித்தாள். நான் சோற்றில் கை வைத்தபோது கேட்டாள்.

"ஐயா, இதுல யாரு பாட்டி?"

"நீங்கதான் பாட்டி."

"நான் எப்ப பறிச்சேன் இத?"

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"முட்டி போயி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப அங்க பங்களாதேஷ் புள்ளைங்க, நேப்பாள் புள்ளைங்கல்ல நிக்குது. ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு பக்கம் மெஷின புடிச்சு வெட்டிக்கிட்டுப் போறாங்க. கையாலன்னு போட்டிருக்கீங்க. யாரு கை?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கேமரன் மலைக்கு அவள் அம்மா வந்த காலத்தில் எல்லாமே கைப்பறிப்புதான். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த மலையில் தேயிலைக்குக் கை வேண்டியிருந்தது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். பாட்டி வேலைக்குப் போன காலத்திலும் முதலில் கைதான். பிறகு, வெட்டிய இலை விழுகிறதற்குத் தட்டு பொருத்திய பெரிய கத்தரி வந்தது. அதற்கும் பிறகு மெஷின். கையால் பறிக்கும்போது இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்து கிள்ளலாம். கத்தரிக்கும் மெஷினுக்கும் அந்தத் தேர்வு கிடையாது. ஒரே மட்டமாக வெட்டிக்கொண்டு போகும், முற்றிய இலையும் காம்பும் கூடவே வரும். அதைப் பிறகு ஆலையில் சலித்துப் பிரிக்க வேண்டும். ஆகவே 'கையால் பறித்தது' என்பது சும்மா அழகுக்குப் போடுகிற சொல் இல்லை. தேயிலை தெரிந்தவருக்கு அது தரத்தைப் பற்றிய வாக்குறுதி. நாங்கள் அதைப் பொய்யாகக் கொடுத்திருந்தோம்.

அக்கா மெதுவாகச் சொன்னாள், "எல்லாரும் இப்படித்தான் பாட்டி போடுறாங்க. வாங்குறவங்களுக்குப் புடிக்கும்."

"புடிக்கும் சரி. என் பேர ஏன் போடுறீங்க?" என்று பேனாவை மூடி வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு புள்ளியும் வைக்கவில்லை.

இரவு தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு பெட்டியில் பாட்டி பாட்டியாக இருந்தாள், மீதி 488இல் பாடடியாக. பாடடி இருக்கிற பெட்டிகள்தான் கொஞ்சம் நேர்மையானவை என்று எனக்குத் தோன்றியது. குறைந்தபட்சம் அவை எங்கள் பாட்டியைச் சாட்சிக்கு இழுக்கவில்லை.

காலையில் பாட்டியிடம் நேராகவே கேட்டேன். "அப்ப என்ன பாட்டி போடலாம்? பொட்டிய தொறக்கிறவங்க கிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்தாள். அதில் முசிறியிலிருந்து அவள் தம்பி எழுதிய நீலக் கடிதங்கள் இருந்தன. வான்வழி போகிற மடிப்புக் கடிதம், தனி உறை கிடையாது, தாளையே மடித்துப் பசை ஒட்டுவது. இடம் போதாமல் அந்தத் தாத்தா எப்போதும் ஒட்டுகிற மடிப்புவரை எழுதுவாராம். அவசரத்தில் கிழித்தால் கடைசி வரி போய்விடும். இரண்டு மூன்று கடிதத்தைக் காட்டினாள். மடிப்பில் எழுதியிருந்த வரியில் பாதி பசையோடு போயிருந்தது. மீதியில் தெரிந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். மாடு கன்று போட்டது, மழை பெய்தது, மருந்தை நிறுத்தாதே.

"பெரிய சேதி எல்லாம் உள்ள எழுதிருவான். இதுல எழுதுறது விட்டுப்போனது" என்றாள். "அதத்தான் நான் மொதல்ல படிப்பேன்."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈரக் கரண்டி போட வேணாம்னு சொல்லு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. தேயிலை பக்குவமாகி ஆலையைவிட்டு வரும்போது அதில் நூற்றுக்கு மூன்று நாலு பங்குதான் ஈரம் இருக்கும். காற்றிலிருந்தே ஈரத்தையும் வாசனையையும் இழுக்கிற சரக்கு அது. ஈரக் கரண்டி பட்டால் இலை கட்டி பிடிக்கும், மணம் போகும், பிறகு பூஞ்சை வரும். வாங்கியவர் தேயிலை சரியில்லை என்பார். பாட்டிக்கு ஈரம் வேறு வகையிலும் தெரியும். மழையில் பறித்த இலைக்கு நிறுவையில் 'தண்ணிக் கழிவு' என்று எடையைக் குறைத்துத்தான் கூலி போடுவார்களாம். அவள் வேலை செய்த தோட்டத்தில் அதை எதிர்த்துப் பேசினால் அடுத்த நாள் பெரட்டில் பேர் கூப்பிட மாட்டார்களாம். வாழ்நாள் முழுக்க ஈரத்துக்குக் காசு கொடுத்தவள் அவள்.

"இன்னொன்னும் போடு. ஒரு கிலோ தூளுக்கு நாலு அஞ்சு கிலோ பச்ச இல வேணும். அது யாருக்கும் தெரியாது."

கணக்கு போட்டுப் பார்த்தோம். நாலரை கிலோ என்று வைத்தால் 250 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு கிலோவைவிடக் கொஞ்சம் அதிகம். அக்கா காகிதத்தில் எழுதினாள்.

ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கிலோ பச்சை இலை. ஈரக் கரண்டி போடாதீங்க.

அன்பு இல்லை, பாட்டி இல்லை, கை இல்லை. ஆனால் அதைப் படித்தால் எனக்குப் பாட்டியின் குரல் கேட்டது. முதல் வரியில் கேட்காத குரல்.

வீட்டு பிரின்டரில் அந்த வரியை வெள்ளை ஸ்டிக்கர் தாளில் அடித்து, வெட்டி, தப்பான வரியின் மேல் ஒட்டினோம். பாட்டி ஒட்டினாள், நான் வெட்டினேன். 500 பெட்டியும் அப்படியே தீர்ந்தன. அடுத்த முறை ஆயிரம் பெட்டி ஆர்டர் கொடுத்தபோது நான் ஒழுங்காக வேலை செய்தேன். அதையும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும்.

சாதாரண அட்டைப்பெட்டியின் வாயில் நாலு மடிப்பு இருக்கும், ஆலையில் ஃபிளாப் என்போம். குட்டைப்பக்கத்து மடிப்பு இரண்டும் முதலில் உள்ளே போகும். நீளப்பக்கத்து மடிப்பு இரண்டும் அவற்றின் மேல் வந்து நடுவில் சந்திக்கும், அந்தச் சந்திப்பில்தான் டேப். பெட்டிக்கு 'உள்ளே' அச்சடிக்க வேண்டுமென்று கேட்டால், அட்டையின் மறுபுறத்திலும் தனியாக ஒரு ஓட்டம் ஓட்ட வேண்டும், செலவு ஏறும். ஆனால் குட்டைப்பக்கத்து மடிப்பின் மேல்முகம், பெட்டியின் வெளிமுகம் இருக்கிற அதே பக்கம்தான். மூடினால் அது நீள மடிப்புக்குக் கீழே மறைந்துகொள்ளும், திறந்தால் தெரியும். கடைப்பெயர் அச்சாகிற அதே ஓட்டத்தில் இந்த வரியும் அச்சாகிவிடும். மறைந்திருக்கிற வரிக்குத் தனிச்செலவு இல்லாத இடம் இது ஒன்றுதான்.

அந்த மடிப்பில் நடுவில் மட்டும் போடக் கூடாது. டேப்பை வெட்டுகிற கத்தி சந்திப்புக் கோட்டிலேயே ஓடும். கொஞ்சம் ஆழமாக இறங்கினால் கீழே இருக்கிற குட்டை மடிப்பின் நடுவில் கோடு விழும். எங்கள் முதல் பெட்டிகளில் 'பாடடி'யின் மேல் கத்தி போயிருந்ததை வாடிக்கையாளர் அனுப்பிய படத்தில் பார்த்தேன். அக்காவின் பெட்டி 24க்கு 16 சென்டிமீட்டர். குட்டை மடிப்பு 16 சென்டிமீட்டர் அகலம், அதில் பாதி எட்டு. ஓரத்தில் மடிப்புக்கோட்டுக்குப் பக்கத்தில் அட்டை நசுங்கும் என்பதால் ஒரு சென்டிமீட்டர் விட்டேன். மீதி இடதுபக்கத்து ஏழு சென்டிமீட்டரில் நாலு வரியாக அடுக்கினேன்.

எழுத்து 16 பாயின்ட், தடித்த எழுத்துரு. புள்ளி ஒவ்வொன்றையும் கையால் பெரிதாக்கி, ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலத்தில் நிரப்பிய வட்டமாக வைத்தேன். திரையில் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி அசிங்கமாக இருந்தது. அட்டையில் ஓடி வந்தபோது சரியாக இருந்தது. மெஷின் அண்ணன் முதல் பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இப்ப படிக்க முடியுது" என்றார். பிறகு, "இதுல யாரு பேசுறா?" என்று கேட்டார்.

போன மாதம் கிள்ளானிலிருந்து ஒரு பெண்மணி அக்காவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்தபோது அவர் கையில் ஈரக் கரண்டி இருந்ததாம். அப்படியே கீழே வைத்துவிட்டாராம்.

அக்கா அதைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாள். பாட்டி, "நல்லாத் தொடைக்கச் சொல்லு" என்றாள்.